சிமெண்டு மூட்டையில் கட்டி: எதைப் பயன்படுத்தலாம், எதைத் தள்ளிவைக்க வேண்டும்?

கெமாஸ்: தோட்டப்புறத்திலும் பட்டணத்துத் தாமான்களிலும் வீட்டின் பின்பக்கத்தை நீட்டிக் கட்டுவது பெரும்பாலும் ஒரே மூச்சில் முடியும் வேலை அல்ல. சம்பளம், போனஸ், கூட்டுப் பணம் என்று கையில் காசு வரும்போது கல், மணல், சிமெண்டு வாங்கிப் போடுவார்கள். கொத்தனார் கிடைக்கும்போது வேலை தொடங்கும். இடையில் இரண்டு மாதம், மூன்று மாதம் ஓடிவிடும். கல்லும் மணலும் வெளியில் கிடந்தாலும் கெடுவதில்லை. ஆனால், சுவரோரம் அடுக்கி, மேலே ஒரு கென்வாஸ் போர்த்தி வைத்த சிமெண்டு அப்படியல்ல. மூட்டையை அவிழ்க்கும் நாளில் உள்ளே கட்டி கட்டியாக இருக்கும்.

அந்த நேரத்தில் இரண்டு விதமான பேச்சு எழும். "கட்டி விழுந்தால் அவ்வளவுதான், தூக்கிப் போடு" என்பார் ஒருவர். "உடைத்துச் சலித்துப் போட்டால் ஒன்றும் ஆகாது" என்பார் இன்னொருவர். இரண்டுமே பாதி உண்மைதான். ஏனென்றால், மூட்டையில் விழும் கட்டிகள் எல்லாம் ஒரே வகை அல்ல. சில கட்டிகள் வெறும் பாரத்தால் உண்டானவை. அவற்றால் எந்தக் கெடுதலும் இல்லை. வேறு சில, சிமெண்டு செய்ய வேண்டிய வேலையை மூட்டைக்குள்ளேயே செய்து முடித்துவிட்டதற்கு அடையாளம். இவற்றைப் பிரித்தறிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. பெரும்பாலும் கை விரலே போதும்.

மூட்டைக்குள் என்ன நடக்கிறது?

சிமெண்டு காய்ந்து இறுகுகிறது என்று நாம் பேச்சுவாக்கில் சொல்கிறோம். உண்மையில் அது காய்வதால் இறுகுவதில்லை. தண்ணீரோடு வேதியியல் முறையில் சேர்ந்துதான் இறுகுகிறது. அதனால்தான் தண்ணீருக்கு அடியிலும் கான்கிரீட் கெட்டியாகிறது. ஒரு முறை தண்ணீரோடு சேர்ந்த சிமெண்டைப் பழையபடி பிரித்தெடுக்க முடியாது. வெயிலில் காய வைத்தாலும், அம்மியில் அரைத்தாலும் அது மீண்டும் சிமெண்டு ஆகாது. அரைத்தால் கிடைப்பது மெல்லிய கல்மாவு மட்டுமே.

இதற்கு மழை நேராக விழ வேண்டும் என்பதில்லை. காற்றில் உள்ள ஈரமே போதும். தீபகற்ப மலேசியாவில் காற்றின் ஈரப்பதம் மாதச் சராசரியில் 70 முதல் 90 விழுக்காடு வரை இருக்கிறது. சிமெண்டுப் பை காகிதத்தால் ஆனது. ஆலையில் இயந்திரம் சிமெண்டை அதற்குள் வேகமாக ஊதி நிரப்பும்போது காற்று வெளியேற வழி வேண்டும் என்பதற்காகவே பை மூச்சு விடும்படி செய்யப்படுகிறது. அந்த வழியாகவே ஈரக் காற்று உள்ளேயும் வருகிறது. ஒவ்வொரு சிமெண்டுத் துகளின் மேலும் மெல்லிய ஓடு போல ஒரு படலம் உண்டாகிறது. காற்றிலுள்ள கரியமிலவாயுவும் அதோடு சேர்கிறது. இந்தப் படலம் பக்கத்துத் துகளையும் பற்றிக்கொள்ளும்போதுதான் கட்டி விழுகிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கட்டி கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே துகள்கள் தங்கள் வலுவில் ஒரு பங்கை இழந்திருக்கும். அதே மூட்டையில் கட்டி இருக்கிறது, மீதி தூளாக இருக்கிறது என்றால், அந்தத் தூளும் அதே ஈரக் காற்றில்தான் இருந்திருக்கிறது. கட்டியைச் சலித்து எடுத்துவிட்டதால் மீதி புதுச் சிமெண்டு ஆகிவிடாது. சலிப்பவர்கள் செய்யும் பெரிய தவறு இதை மறப்பதுதான்.

மிக மெல்லியதாக அரைத்த சிமெண்டு, சீக்கிரம் இறுகுவதற்கென்றே விற்கப்படும் சிமெண்டு ஆகியவை இன்னும் வேகமாகக் கெடும். துகள் சிறிதாகச் சிறிதாக, ஈரம் படுவதற்கான பரப்பு கூடிக்கொண்டே போவதுதான் காரணம்.

மூன்று மாதக் கணக்கு எங்கிருந்து வந்தது?

சிமெண்டுக்கு மூன்று மாதம்தான் ஆயுள் என்று ஹார்ட்வேர் கடையிலும் சொல்வார்கள், கொத்தனாரும் சொல்வார். இது மருந்துப் பாட்டிலில் உள்ள காலாவதித் தேதி போன்றது அல்ல. அமெரிக்காவின் சிமெண்டுத் தர விதியிலும் இந்தியத் தர விதியிலும் உள்ள வாசகம் வேறு மாதிரி. விற்பனையாளரிடம் மூட்டையாக மூன்று மாதத்துக்கு மேல் கிடந்த சிமெண்டைப் பயன்படுத்தும் முன் மறுபடியும் சோதித்துப் பார்க்கலாம், தேறாவிட்டால் தள்ளலாம் என்பதே அதன் சாரம். அதாவது, மூன்று மாதம் ஆனதும் சிமெண்டு செத்துவிட்டது என்று பொருள் அல்ல. அதன் பிறகு சோதிக்காமல் நம்பக் கூடாது என்பதே பொருள்.

கான்கிரீட்டில் தண்ணீர் கூடினால் வலு குறையும் என்ற விதியைச் சொன்னவர் டஃப் ஏப்ராம்ஸ். சிகாகோவில் ஆய்வுக்கூடம் நடத்திய அவர், மூட்டையில் கிடந்த சிமெண்டு எவ்வளவு வலு இழக்கிறது என்பதையும் சோதித்து 1920-ல் வெளியிட்டார். அது முதல் இந்தக் கேள்வி பல நாடுகளில் திரும்பத் திரும்ப ஆராயப்பட்டு வந்திருக்கிறது. இந்தியக் கட்டுமானப் பாடநூல்களில் பொதுவாகக் காணப்படும் கணக்கு இது: சாதாரணமாக வைத்த மூட்டை மூன்று மாதத்தில் ஏறக்குறைய 20 விழுக்காடு வலு இழக்கும், ஆறு மாதத்தில் 30 விழுக்காடு, ஓர் ஆண்டில் 40 விழுக்காடு.

இவை சராசரிக் கணக்குகள். உலர்ந்த அறையில், பிளாஸ்டிக் சுற்றிய மூட்டை ஆறு மாதம் ஆனாலும் நன்றாக இருக்கலாம். ஒழுகும் தகரக் கூரைக்கடியில் வெறுந்தரையில் கிடந்த மூட்டை மூன்றே வாரத்தில் கல்லாகலாம். ஆகவே, எத்தனை நாள் என்பதை விட எங்கே, எப்படிக் கிடந்தது என்பதற்கே எடை அதிகம். நம் ஊர்ச் சீதோஷ்ணத்தில், சாதாரணமாக வைத்த மூட்டைக்கு ஆறு முதல் எட்டு வாரம் என்று மனத்தில் வைத்துக்கொள்வது பத்திரமானது.

நாள் கணக்கு கடையிலிருந்து வாங்கிய தேதியில் தொடங்குவதில்லை, ஆலையில் நிரப்பிய தேதியில் தொடங்குகிறது என்பதும் நினைவில் இருக்கட்டும். பல பைகளின் ஓரத்தில் தேதியோ எண்களோ மையால் குத்தியிருக்கும். அது புரியாவிட்டால் கடைக்காரரிடம், "லாரி எப்போது இறக்கியது?" என்று கேட்டுவிடலாம். விற்பனை மந்தமான சிறு கடையின் மூலையில் கிடந்த மூட்டையை விட, வாரத்துக்கு ஒரு முறை லாரி வந்து போகும் கடையின் மூட்டை மேல்.

ஈரம் சிமெண்டை என்ன செய்யும் என்பதற்கு உலகம் மறக்காத சாட்சி ஒன்று நைஜீரியாவில் உண்டு. 1975-ல் அந்நாட்டு அரசு ஏறக்குறைய 2 கோடி டன் சிமெண்டுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டது. லாகோஸ் துறைமுகத்தால் ஆண்டுக்கு அதில் மிகச் சிறு பங்கைத்தான் இறக்க முடியும். நூற்றுக்கணக்கான கப்பல்கள் கடலிலேயே மாதக்கணக்கில் வரிசை கட்டி நின்றன. காத்திருந்த கப்பல்களுக்குத் தாமதக் கட்டணம் கட்டியே அரசு நொந்தது. கடற்காற்றில் கிடந்த சரக்கில் ஒரு பகுதி கப்பலுக்குள்ளேயே இறுகிப்போனது. தேவைக்கு மேல் வாங்கி வைப்பது ஒரு நாட்டுக்கே கட்டுப்படியாகவில்லை.

கட்டி மூன்று வகை

மூட்டையை அவிழ்ப்பதற்கு முன் ஒரு சோதனை. பத்துப் பன்னிரண்டு மூட்டை உயரத்தில் அடுக்கியிருந்தால், அடியில் உள்ளவை மேல் மூட்டைகளின் பாரத்தால் அழுந்தி, தொட்டால் பலகை போல இருக்கும். பார்ப்பவர் பயந்துவிடுவார். அந்த மூட்டையைத் தரையில் படுக்க வைத்து நான்கைந்து தடவை உருட்டிவிட வேண்டும். உள்ளே பொலபொலவென்று தளர்ந்து, மூலைகளும் மெத்தென்று ஆகிவிட்டால் அது பாரத்தால் வந்த அழுத்தம் மட்டுமே. கிடங்குகளில் வழக்கமாக நடப்பது. அவிழ்த்துப் பார்த்தால் சில உருண்டைகள் இருக்கலாம். எடுத்துக் கையில் பிடித்தால் மாவாக உதிரும். இது முதல் வகைக் கட்டி. இதை வைத்துச் சிமெண்டைக் குறை சொல்ல முடியாது.

உருட்டியும் மூலைகள் கெட்டியாகவே இருந்தால், பையின் ஓரங்களில் ஈரம் ஏறியிருக்கிறது என்று பொருள். ஈரம் முதலில் தாக்குவது மூலைகளையும், தரையைத் தொட்ட அடிப்பக்கத்தையும், சுவரைத் தொட்ட பக்கவாட்டையும்தான். அதனால் மூட்டையை அவிழ்க்கும்போது எந்தப் பக்கம் கெட்டியாக இருக்கிறது என்று பார்ப்பது நல்லது. ஈரம் எங்கிருந்து வந்தது என்பதை அந்த மூட்டையே காட்டிக்கொடுக்கும். அடிப்பக்கம் மட்டும் கெட்டி என்றால் தரை. மேல்பக்கம் வட்டம் வட்டமாகக் கெட்டி என்றால் கூரையிலிருந்து சொட்டு விழுந்திருக்கிறது.

இனி உள்ளே இருக்கும் கட்டியைக் கையில் எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நசுக்க வேண்டும். கொஞ்சம் பலம் கொடுத்தால் உடைகிறது. ஆனால் மாவாகாமல், மணல் போல நரநரவென்று ஏதோ விரலில் படுகிறது. இது இரண்டாம் வகை. ஈரம் உள்ளே புகுந்து, ஒரு பங்கு சிமெண்டு தன் வேலையை முடித்துவிட்டது. இந்த மூட்டையை முழுக்கத் தூக்கிப் போட வேண்டியதில்லை. ஆனால், பாரம் தாங்கும் எந்த வேலைக்கும் இதைக் கொடுக்கக் கூடாது.

விரலால் நசுக்க முடியவில்லை, சுத்தியல் அல்லது கல்லால் தட்டினால்தான் உடைகிறது என்றால் மூன்றாம் வகை. உடைந்த முகத்தைப் பார்த்தால் கல்லைப் போலத் தெளிவான விளிம்பு இருக்கும். அது கல்லேதான். அந்த மூட்டையில் தூளாக மிச்சம் இருப்பதையும் நம்ப வேண்டாம். இப்படிப்பட்ட கட்டி ஒன்றிரண்டு மூலையில் மட்டும் இருந்தால் அந்தப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, நடுவில் இருப்பதை இரண்டாம் வகையாகக் கருதலாம். மூட்டை முழுக்கப் பரவியிருந்தால் மூட்டையே போயிற்று.

விரலால் நசுக்கும்போது கையுறை போட்டுக்கொள்வது நல்லது. வியர்த்த கையில் சிமெண்டுத் தூள் பட்டால் தோலை அரிக்கும். கட்டியை உடைக்கும்போது பறக்கும் தூசி கண்ணுக்கும் ஆகாது.

சிலர் ஒரு பிடி சிமெண்டைத் தண்ணீர் வாளியில் போட்டு, மிதந்தால் நல்லது, உடனே மூழ்கினால் கெட்டது என்பார்கள். கையை மூட்டைக்குள் விட்டுக் குளிர்ச்சியாக இருக்கிறதா என்று பார்ப்பவர்களும் உண்டு. இந்தச் சோதனைகள் கரடுமுரடாகக் கெட்டுப்போனதைக் காட்டலாம். கால்வாசி வலு இழந்த சிமெண்டை இவற்றால் கண்டுபிடிக்க முடியாது. அப்படிப்பட்ட சிமெண்டுதான் ஆபத்தானது, ஏனென்றால் அது பார்ப்பதற்கு நன்றாக இருக்கும்.

வீட்டிலேயே ஒப்பிட்டுப் பார்ப்பது

சந்தேகம் தீர ஒரு வழி, புது மூட்டை ஒன்றை வாங்கி, பழையதையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதிப்பது. இரண்டிலும் ஒரே அளவு சிமெண்டு, ஒரே அளவு தண்ணீர் சேர்த்து, சப்பாத்தி மாவை விடக் கொஞ்சம் தளர்வாகப் பிசைய வேண்டும். ஒரு கண்ணாடித் துண்டின் மேல் இரண்டையும் மூன்று அங்குல அகல வட்டமாக, நடு தடிப்பாகவும் ஓரம் மெல்லியதாகவும் தட்டி, ஈரத் துணியால் மூடி வைக்கலாம். மணிக்கொரு தடவை நகத்தால் கீறிப் பார்த்தால், எது பின்தங்குகிறது என்று தெரிந்துவிடும். மறுநாள் கண்ணாடியோடு தண்ணீரில் போட்டு, இன்னும் ஒரு நாள் கழித்துப் பார்க்கலாம். பழையது நகத்துக்கு இடம் கொடுத்து, ஓரம் உதிர்ந்தால் அது எதற்கும் உதவாது.

இது இறுகுகிறதா இல்லையா என்பதை மட்டும் சொல்லும். எவ்வளவு வலு என்று தெரிய வேண்டுமானால் இந்தியக் கட்டுமானப் பாடநூல்கள் சொல்லும் களச்சோதனை ஒன்று இருக்கிறது. ஓர் அங்குலத்துக்கு ஓர் அங்குலம் கனமும் எட்டு அங்குல நீளமும் உள்ள சட்டத்தைப் பலகையில் அடித்து, சிமெண்டும் தண்ணீரும் மட்டும் சேர்த்த குழம்பை அதில் வார்க்க வேண்டும். இறுகிய பின் கழற்றி ஏழு நாள் தண்ணீரில் போட வேண்டும். பிறகு ஆறு அங்குல இடைவெளியில் இரண்டு ஆதாரங்களின் மேல் அந்தக் கட்டையை வைத்து, நடுவில் கயிற்றால் வாளியைத் தொங்கவிட்டு, வாளியில் மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்ட வேண்டும். நல்ல சிமெண்டுக் கட்டை ஏறக்குறைய 34 கிலோ பாரம் வரை உடையாமல் நிற்க வேண்டும் என்பது பாடநூல் கணக்கு.

அந்த 34 கிலோவை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். கட்டைக்குள் ஒரு காற்றுக் குமிழ் இருந்தாலே கணக்கு மாறிவிடும். பழையதில் மூன்று, புதியதில் மூன்று என்று வார்த்து, இரண்டின் சராசரியையும் ஒப்பிடுவதுதான் பயன் தரும். புதியது 36 கிலோவில் உடைந்து, பழையது 27 கிலோவில் உடைந்தால் நான்கில் ஒரு பங்கு வலு போய்விட்டது என்று ஏறக்குறையச் சொல்லலாம். ஒரு வாரம் பிடிக்கும் வேலைதான். ஆனால் இருபது மூட்டை கையில் இருக்கும்போது செய்து பார்க்கத் தகுந்தது.

ஒரு கணக்குப் பார்ப்போம்

2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது நாடு முழுவதும் கட்டுமான வேலைகள் நின்றன. மார்ச் தொடக்கத்தில் சிமெண்டு இறக்கி வைத்தவர்கள் பலருக்கும் ஜூன் வாக்கில்தான் மறுபடியும் மூட்டையைத் தொட முடிந்தது. ஏறக்குறைய மூன்று மாதம். அந்த நிலைமையில் சமையலறையை நீட்டிக் கட்டும் ஒரு வீட்டை உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

கார் நிறுத்தும் கொட்டகையில் 50 கிலோ மூட்டை இருபது இருக்கிறது. தரை சிமெண்டுத் தரைதான் என்று பலகை போடாமல் அடுக்கி, மேலே கென்வாஸ் போர்த்தியிருக்கிறார்கள். சிமெண்டுத் தரை பார்க்க உலர்ந்திருந்தாலும் மண்ணிலிருந்து ஈரம் அதன் வழியாக ஏறிக்கொண்டே இருக்கும். அவிழ்த்துப் பார்த்ததில் தரையைத் தொட்ட நான்கு மூட்டை மூன்றாம் வகை. அதற்கு மேலும் ஓரத்திலும் இருந்த ஆறு மூட்டை இரண்டாம் வகை. நடுவிலும் மேலும் இருந்த பத்தில் உருட்டினால் உதிரும் கட்டி மட்டுமே.

கட்ட வேண்டியது நான்கு தூண், அவற்றுக்கு அடித்தளம், மேலே ஒரு பீம். தூண் ஒன்பது அங்குலச் சதுரம், பத்தடி உயரம். ஒன்று, இரண்டு, நான்கு என்ற வழக்கமான கலவையில் நான்கு தூணுக்கும் ஏறக்குறைய நான்கு மூட்டை பிடிக்கும். முப்பதடி நீளமான, ஆறு அங்குல அகலமும் ஒன்பது அங்குல ஆழமும் உள்ள பீமுக்கு இரண்டு மூட்டை. மூன்றடிச் சதுரமும் ஓரடி ஆழமும் உள்ள நான்கு அடித்தளத்துக்கு ஆறரை மூட்டை. மொத்தம் ஏறக்குறைய பதின்மூன்று.

நல்ல மூட்டை பத்து இருக்கிறதே, இன்னும் மூன்று வாங்கினால் போதுமே என்றுதான் மனம் கணக்குப் போடும். இங்கேதான் நிதானிக்க வேண்டும். அந்தப் பத்தும் பார்வைக்கு நல்லவை, ஆனால் மூன்று மாதம் கடந்தவை. பாடநூல் கணக்குப்படி 20 விழுக்காடு வலு குறைந்திருக்கலாம். தூணுக்கு 100 பங்கு வலு வேண்டும் என்று கணக்கிட்ட இடத்தில் 80 பங்குதான் கிடைக்கும். கூடவே தண்ணீர் கூடிப்போவது, சரியாகக் குத்தி இறக்காதது, வெயிலில் நனைக்காமல் விடுவது என்று வழக்கமான குறைகளும் சேரும். கூடுதல் சிமெண்டு போட்டு ஈடுகட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். எவ்வளவு கூடுதல் என்று சோதிக்காமல் யாருக்கும் தெரியாது. சிமெண்டு கூடினால் தண்ணீரும் கூடும், வெடிப்பும் கூடும்.

அதனால், தூண், பீம், அடித்தளம் மூன்றுக்கும் பதின்மூன்று புது மூட்டை வாங்குவதே சரி. மூட்டை 25 வெள்ளி என்று வைத்தாலும் 325 வெள்ளி. வார்த்த தூண் நொய்ந்து போய் அதை உடைத்து மறுபடியும் வார்ப்பதற்குக் கொத்தனாரின் இரண்டு நாள் கூலிகூட அதில் அடங்காது.

பழைய பத்து மூட்டையும் வீணாகாது. செங்கல் அடுக்கும் கலவைக்கும், மண்ணின் மேல் நேராகப் படுக்கும் தரைக்கும் அவை தாராளமாகப் போதும். இரண்டாம் வகை ஆறு மூட்டையைக் கொசுவலை அளவுக்கு நெருக்கமான கம்பிச் சல்லடையில் சலித்து, தூளை மட்டும் எடுத்து, அடித்தளத்துக்குக் கீழே சமன்படுத்தும் மெல்லிய படுக்கை, வேலிக் கம்பத்தின் குழி, வாசலில் கால்வைக்கும் பாதை போன்றவற்றுக்குக் கொடுக்கலாம். வழக்கமாகப் போடும் மணலைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும். சுவர்ப் பூச்சுக்குக் கொடுக்க வேண்டாம். சலித்த பின்னும் தப்பிய சிறு துண்டுகள் கரணையில் சிக்கிக் கோடு இழுக்கும். பின்னால் பெயிண்டு அடித்த சுவரில் அங்கங்கே பொட்டுப் பொட்டாகக் கழன்று விழும். கல்லாகிப்போன நான்கு மூட்டையை உடைத்துத் தரைக்கு அடியில் கல்லோடு போட்டு நிரப்பலாம். கால்வாய் ஓரம் மண் சரியாமல் இருக்க மூட்டையோடு அடுக்கி வைப்பவர்களும் இருக்கிறார்கள்.

மறுபடியும் பார்க்க வேண்டியது, கடையில் வாங்கும்போதே பையில் என்ன அச்சிட்டிருக்கிறது என்பது. சுவர் கட்டவும் பூசவும் மட்டும் என்று விற்கப்படும் சிமெண்டு எவ்வளவு புதிதாக இருந்தாலும் தூணுக்கு ஆகாது. அது விலை குறைவு என்பதால் பல வீடுகளில் இந்தக் குழப்பம் நடக்கிறது.

வைக்கும் விதம்

பஹாவ் போன்ற பக்கத்து ஊரில் சிமெண்டு ஆலை அமைந்த வட்டாரம் இது. லாரி வராத இடமும் இல்லை. ஆகவே வீட்டு வேலைக்கு இரண்டு வாரத் தேவைக்கு மேல் சிமெண்டு வாங்கி வைக்க வேண்டிய அவசியம் அநேகமாக இல்லை. கையில் உள்ள காசு செலவாகிவிடுமே என்று கவலைப்படுபவர்கள் கம்பியும் கல்லும் வாங்கிப் போடலாம். சிமெண்டைக் கடைசியில் வாங்கலாம்.

வைத்தே ஆக வேண்டும் என்றால், தரையை விட்டு எழுப்புவது முதல் வேலை. இந்தியத் தர விதி தரையிலிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரத்தில் பலகை மேல் அடுக்கச் சொல்கிறது. சுவரிலிருந்தும் ஒன்றரை, இரண்டடி தள்ளியிருக்க வேண்டும். கடைகளில் லாரி இறக்கிய பின் கிடக்கும் மரப் பேலட் ஒன்று கேட்டு வாங்கினால் போதும். அதன் மேல் தடித்த பிளாஸ்டிக் விரித்து, மூட்டைகளை இடைவெளி இல்லாமல் நெருக்கி அடுக்கி, அதே பிளாஸ்டிக்கை நான்கு பக்கமும் மேலே தூக்கி மூட வேண்டும். கீழே திறந்துவிட்டு மேலே மட்டும் போர்த்துவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. அப்படிச் செய்தால் தரையிலிருந்து எழும் ஈரம் கென்வாஸுக்கு அடியில் தேங்கி மூட்டையில்தான் போய்ச் சேரும். பத்து மூட்டைக்கு மேல் உயர்த்த வேண்டாம். முதலில் வந்ததை முதலில் எடுக்கும்படி அடுக்க வேண்டும். புது மூட்டையைப் பழையதன் மேல் போட்டால் அடியில் இருப்பது அடியிலேயே கிடந்து கல்லாகும்.

தகரக் கூரைக்குக் கீழே வைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மழை பெய்யாத நாளிலும் விடியற்காலையில் தகரத்தின் உள்பக்கத்தில் நீர் முத்து முத்தாகக் கோர்த்துச் சொட்டும். வெயில் ஏறிய பிறகு பார்த்தால் காய்ந்திருக்கும், யாருக்கும் தெரியாது. மூட்டையின் மேல்பக்கத்தில் வட்டக் கட்டிகள் விழுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

தோட்டங்களில் உரக் கிடங்கின் ஒரு மூலையில் சிமெண்டு வைப்பதும் நடக்கிறது. உரம் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். மூட்டை கிழிந்து கலந்தால், அமோனியா சேர்ந்த உர வகைகள் சிமெண்டோடு பட்டவுடன் மூக்கைத் துளைக்கும் வாடையைக் கிளப்பும். அந்தச் சிமெண்டு கட்டடத்துக்கு ஆகாது. சமையலறை மூலையில் வைத்தால் சர்க்கரையிடம் கவனம் தேவை. கலவையில் மிகச் சிறிதளவு சர்க்கரை விழுந்தாலே சிமெண்டு இறுகுவது பல மணி நேரம் தள்ளிப்போகும். கூடுதலாக விழுந்தால் இறுகாமலே போகலாம்.

பாதி பயன்படுத்திய மூட்டைக்குத் தனிக் கணக்கு. வாய் திறந்த காகிதப் பையை மடக்கிக் கல் வைத்தால் ஒரு வாரம்கூடத் தாங்காது. மூடி இறுக்கமாக உள்ள பெயிண்டு டின்னில் விளிம்பு வரை கொட்டி, காற்றுக்கு இடமில்லாமல் மூடினால் சின்னச் சின்ன ஒட்டு வேலைகளுக்கு மாதக்கணக்கில் நிற்கும். டின்னின் மேல் மார்க்கரால் தேதியை எழுதி வைக்க வேண்டும்.